கடன் கொடுத்த தங்கம் கையிருப்பில் எப்படி இருக்கும்?

கேள்வி: 2025 மார்ச் இறுதியில் ரிசர்வ் வங்கியிடம் 879.59 டன் தங்கம் இருந்ததாக அறிக்கையில் படித்தேன். அதில் 18.98 டன் ‘தங்க வைப்பு’ என்று தனியாகப் போட்டிருக்கிறார்கள். வேறு யாரிடமோ கொடுத்து வட்டி வாங்குகிறார்களா? கொடுத்த பிறகும் கையிருப்பில் எப்படிக் காட்டலாம்? இப்படி வெளியே போகும் தங்கத்தால் விலை இறங்குமா? சேமிப்பில் ஒரு பங்கைத் தங்கமாக வைத்திருப்பவன் என்பதால் கேட்கிறேன்.

பதில்: ஆமாம், வைப்பு என்றால் வட்டிக்குக் கொடுத்த தங்கம்தான். அதே அறிக்கையில் 511.99 டன் இந்தியாவுக்குள்ளும், 348.62 டன் பாங்க் ஆஃப் இங்கிலாந்திலும் பி.ஐ.எஸ். எனப்படும் பன்னாட்டுத் தீர்வு வங்கியிலும் பாதுகாப்பில் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். பாதுகாப்பில் உள்ள தங்கம் ரிசர்வ் வங்கியின் உடைமையாகவே இருக்கிறது. வைப்பு வேறு மாதிரி. அரிசி கைமாற்று வாங்கினால் அதே அரிசியையா திருப்பித் தருகிறோம்? அதே அளவைத்தானே தருகிறோம். வைப்பிலும் அப்படித்தான். கட்டிகளின் உரிமை வாங்கியவருக்குப் போய்விடும். மத்திய வங்கியிடம் மிஞ்சுவது, இத்தனை டன் எனக்கு வரவேண்டும் என்ற உரிமை மட்டும்.

அந்த உரிமையையும் தங்கம் என்றே காட்ட விதி இடம் தருகிறது. கையிருப்பை வெளியிட ஐ.எம்.எஃப். வகுத்த படிவத்தில் தங்கம் என்ற வரிக்குள்ளேயே தங்க வைப்புகளும் அடங்கும். ஐரோப்பிய மத்திய வங்கிகளின் இருப்புநிலைக் குறிப்பிலும் முதல் வரி ‘தங்கமும் தங்க வரவுகளும்’ என்று ஒரே எண்ணாகத்தான் வரும். பெட்டகத்தில் இருப்பது எவ்வளவு, வரவேண்டியது எவ்வளவு என்று அந்த எண்ணை வைத்துப் பிரிக்க முடியாது. ரிசர்வ் வங்கி பிரித்துச் சொல்வதை நான் மதிக்கிறேன். யாரிடம் வைத்திருக்கிறது என்ற பெயர் மட்டும் அதில் இல்லை.

சரி, வாங்கியவர் அந்தத் தங்கத்தை என்ன செய்கிறார்? 1990களில் இந்தத் தொழில் உச்சத்தில் இருந்தது. அன்றைய நிலவரத்தை ஒட்டி ஒரு கணக்குப் போடுவோம். ஒரு மத்திய வங்கி 1 டன் தங்கத்தை ஒரு புல்லியன் வங்கிக்கு, அதாவது தங்க வியாபாரம் செய்யும் பெரிய வங்கிக்கு, ஒரு வருடத்துக்கு 1 சதவீத வட்டியில் கொடுக்கிறது. 1 டன் என்பது சுமார் 32,150 அவுன்ஸ். அவுன்ஸ் 300 டாலர் என்றால் மதிப்பு சுமார் 96 லட்சம் டாலர். புல்லியன் வங்கி அதை அன்றே லண்டன் சந்தையில் விற்றுவிடுகிறது. கிடைத்த டாலரை 5 சதவீத வட்டிக்குப் போடுகிறது. மத்திய வங்கிக்குத் தரவேண்டிய வட்டி 10 கிலோ தங்கத்தின் விலை. அது போக ஏறக்குறைய 4 சதவீதம் மிஞ்சும்.

ஆனால் வருடக் கடைசியில் தங்கத்தைத் திருப்பித் தரவேண்டுமே, அதற்குள் விலை ஏறிவிட்டால்? அதனால் அந்த வங்கி விற்ற அன்றே ஒரு சுரங்க நிறுவனத்திடம் முன்பேர ஒப்பந்தம் போடுகிறது: ஒரு வருடம் கழித்து நீ வெட்டியெடுக்கும் 1 டன்னை அவுன்ஸ் 310 டாலருக்கு எனக்குத் தா. 4 சதவீதத்தையும் விட்டுக்கொடுத்தால் 312 வரை தரலாம், 2 டாலரை லாபமாக வைத்துக்கொள்கிறது. சுரங்கத்துக்கோ இன்றைய விலையைவிட 10 டாலர் கூடுதல், அதுவும் உறுதியாக. வட்டி, லாபம், உறுதியான விலை என்று மூன்று பேருக்கும் திருப்தி.

சந்தையில் நடந்தது இதுதான்: அடுத்த வருடம் பூமியிலிருந்து வரவேண்டிய தங்கம் இந்த வருடமே விற்பனைக்கு வந்துவிட்டது. விற்ற கட்டி உருகி யாரோ ஒருவர் கழுத்தில் நகையாகக் கிடக்கலாம். அதே 1 டன் மத்திய வங்கியின் கையிருப்பிலும் எண்ணப்படுகிறது. வெளியிடப்படும் கையிருப்பு துளியும் குறையாமல் சந்தைக்கு வரத்து மட்டும் கூடுகிறது. கடனைப் புதுப்பித்துக்கொண்டே போகும்வரை இந்த நிலை நீடிக்கும். திரும்பக் கேட்கும்போதுதான் எல்லாம் எதிர்த்திசையில் ஓடும்.

1999 செப்டம்பர் 26 அன்று அப்படி நடந்தது. வாஷிங்டனில் 15 ஐரோப்பிய மத்திய வங்கிகள் கூட்டாக ஓர் அறிவிப்பு வெளியிட்டன. ஐந்து ஆண்டுகளுக்கு வருடத்துக்குச் சுமார் 400 டன்னுக்கு மேல் விற்க மாட்டோம் என்ற பகுதியைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். தங்கக் கடனையும் இனிக் கூட்ட மாட்டோம் என்று சொன்னது அதைவிட வலித்தது என்பது என் கருத்து. கடன் வாங்கி விற்றிருந்தவர்கள் திருப்பித் தரத் தங்கம் தேடி ஓடினார்கள். வழக்கமாக 1, 2 சதவீதத்தில் கிடந்த குறுகிய காலத் தங்க வட்டி 9 சதவீதத்தைத் தாண்டியது. விலை இரண்டே வாரத்துக்குள் 270 டாலருக்குக் கீழிருந்து 320க்கு மேல் போனது. கானாவின் அஷாந்தி கோல்ட்ஃபீல்ட்ஸ் நிறுவனம் தன் எதிர்கால உற்பத்தியைப் பெரிய அளவில் முன்பேரத்தில் கட்டிப்போட்டிருந்தது. விலை ஏறியதும் கேட்கப்பட்ட பிணையத் தொகையைக் கட்ட முடியாமல் அது திவாலின் விளிம்புக்கே போனது.

கடன் கொடுத்தவருக்கும் ஆபத்து உண்டு. 1990இல் அமெரிக்காவின் டிரெக்சல் பர்ன்ஹாம் லாம்பர்ட் நிறுவனம் திவாலானபோது போர்ச்சுகல் மத்திய வங்கி அதற்குக் கொடுத்திருந்த 17 டன் தங்கம் சிக்கிக்கொண்டது. கட்டியின் உரிமை கைமாறியிருந்ததால், என் தங்கத்தை எடுத்துக்கொள்கிறேன் என்று போய் நிற்க வழியில்லை. கடன் கொடுத்த மற்றவர்களோடு சேர்ந்து வரிசையில்தான் நிற்க வேண்டும். ஒரு சதவீத வட்டிக்கு இது பெரிய விலை.

ஸ்வாப் என்பது இதற்கு நெருங்கிய உறவு. இங்கே மத்திய வங்கிக்கு வேண்டியது வட்டி வருமானம் அல்ல, ரொக்கம். தங்கத்தை இன்று விற்று, இன்ன தேதியில் இன்ன விலைக்குத் திரும்ப வாங்குவேன் என்று அப்போதே ஒப்புக்கொள்கிறது. திரும்ப வாங்கும் கடமை இருப்பதால் கணக்கில் இதை விற்பனையாக எழுதாமல், தங்கத்தை ஈடாக வைத்து வாங்கிய கடனாக எழுதுகிறார்கள். அப்போது தங்கமும் கையிருப்பில் நிற்கும், வந்த டாலரும் அதில் சேரும். திருப்பித் தரவேண்டிய கடன் பொறுப்புப் பக்கத்தில் இருக்கும். மொத்தக் கையிருப்பை மட்டும் பார்ப்பவருக்கு நாடு பணக்காரனானது போலத் தெரியும். ஈடாகக் கட்டுண்டு கிடக்கும், உடனே எடுக்க முடியாத சொத்தைக் கையிருப்பிலிருந்து நீக்க வேண்டும் என்பதுதான் ஐ.எம்.எஃப். நெறி. ஆனால் எடுக்க முடியுமா என்று முதலில் தீர்மானிப்பது அந்த நாடே. வெனிசுவேலா 2015இல் சிட்டி வங்கியிடம் ஸ்வாப் மூலம் சுமார் 100 கோடி டாலர் வாங்கியது. 2019 மார்ச்சில் தவணை வந்தபோது கட்ட முடியவில்லை. ஈட்டுத் தங்கத்தை விற்றுக் கடனை நேர்செய்யும் முடிவுக்கு வங்கி வந்தது.

இனி உங்கள் விலைக் கேள்வி. உலகச் சுரங்கங்கள் வருடத்துக்குச் சுமார் 3,600 டன் எடுக்கின்றன. அதன் பக்கத்தில் 18.98 டன் விலையை அசைக்காது. மேலும் அந்த வைப்பு 2024 மார்ச்சில் 26.53 டன்னாகவும் செப்டம்பரில் 20.26 டன்னாகவும் இருந்தது. அதாவது ரிசர்வ் வங்கி வெளியே விடும் தங்கத்தைக் குறைத்துக்கொண்டு வருகிறது. நீங்கள் கவனிக்கவேண்டியது லண்டனின் தங்கக் கடன் வட்டி. 2025 ஜனவரியில் அமெரிக்க இறக்குமதி வரி பயத்தில் கட்டிகள் நியூயார்க்குக்குப் பறந்தபோது அந்த வட்டி திடீரென ஏறியது. பாங்க் ஆஃப் இங்கிலாந்தின் பெட்டகத்திலிருந்து தங்கம் எடுக்க வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. அங்கே தங்கம் வைத்திருக்கும் மத்திய வங்கிகளிடம் கடன் கேட்டு வியாபாரிகள் போனார்கள். வட்டி ஏறினால் கைக்குக் கிடைக்கும் கட்டிக்குத் தட்டுப்பாடு என்று பொருள். ஆனால் அது லண்டன் தட்டுப்பாடாகவே முடிந்துவிடலாம், உலக விலை அதே வேகத்தில் ஏறவேண்டும் என்பதில்லை. அதை மட்டும் பார்த்து அவசரமாக வாங்கவோ விற்கவோ வேண்டாம்.