ஏஜென்சியா, ஃப்ரீலான்சரா, கடை ஆளா? ஒரு வாரம் நோட்டில் எழுதிப் பார்த்தேன்

கேள்வி: எங்களுடையது சின்ன சேலைக் கடை. இன்ஸ்டாகிராம், பேஸ்புக்கைப் பார்த்துக்கொள்ள ஏஜென்சியிடம் கொடுப்பதா, ஃப்ரீலான்சரைப் பிடிப்பதா, கடையிலேயே ஒரு ஆளைப் போடுவதா?

மதுரையில் சுங்குடிச் சேலைக் கடை நடத்துகிறோம். மூன்று வழியிலும் போய்ப் பார்த்துவிட்டதால் சொல்கிறேன்.

முதல் ஆறு மாதம் ஏஜென்சி. மாதம் 25,000 ரூபாய், அதற்கு மேல் 18% ஜிஎஸ்டி. 12 போஸ்டர், 4 ரீல்ஸ் என்று பேச்சு. படங்கள் நன்றாகவே இருந்தன. ஆனால் கேமராக்காரர் மாதம் ஒரு நாள் வந்து எல்லாவற்றையும் மொத்தமாக எடுத்துக்கொண்டு போவார். அந்த ரீல் மூன்றாவது வாரம் வெளியே வரும்போது சேலை விற்றுப் போயிருக்கும். கையால் முடிச்சுப் போட்ட சுங்குடியில் ஒரு நிறத்துக்கு ஒன்றிரண்டு சேலைதான் வரும், அச்சு அசலாக இன்னொன்றை எடுத்துக் கொடுக்க முடியாது. ஒரு நாள் இரவு கோயம்புத்தூரிலிருந்து ஒரு அம்மா, “இந்த அரக்கு இருக்கா? முந்தானையை விரிச்சுக் காட்டுங்க” என்று கேட்டிருக்கிறார். மறுநாள் பதினொரு மணிக்கு ஏஜென்சியிலிருந்து “கடைக்கு நேரில் வாருங்கள்” என்று பதில் போயிருக்கிறது. அதைப் படித்தபோது எனக்கு நிஜமாகவே வலித்தது.

அப்புறம்தான் ஒரு வாரம் நோட்டுப் போட்டு, எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று எழுதினேன். வரும் மெசேஜுக்குப் பதில் சொல்ல தினமும் இரண்டரை மணி நேரம். சேலையைப் படம் பிடித்துப் போட ஒரு மணி நேரம். விளம்பரம் ஓட்டிக் கவனிக்க வாரத்துக்கே இரண்டு மணி நேரம்தான். நீங்களும் முதலில் இதை எழுதிப் பாருங்கள். யாரை வைப்பது என்ற கேள்விக்குப் பாதிப் பதில் அந்த நோட்டிலேயே கிடைத்துவிடும்.

எங்கள் வேலையில் பெரும்பகுதி, சரக்கைக் கையில் வைத்துக்கொண்டு செய்ய வேண்டியது. அதனால் கடையில் சேலை எடுத்துப் போடும் பெண்ணுக்கே சம்பளத்தைக் கூட்டி, கடைப் போனையும் கொடுத்தோம். யாராவது முந்தானை கேட்டால் அந்தச் சேலையை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், ஒரு முனையை ஆளிடம் பிடிக்கச் சொல்லி, இருபது வினாடி வீடியோ எடுத்து அனுப்பிவிடுவார். ட்யூப்லைட்டில் அரக்கு வேறு நிறமாகத் தெரியும் என்பது அவருக்குத் தெரியும். ஆர்டர் வருவது இந்த வீடியோக்களால்தான்.

விளம்பரத்துக்கு மட்டும் ஒரு ஃப்ரீலான்சர், மாதம் 8,000. வாரம் இரண்டு மணி நேர வேலைக்கு முழுச் சம்பளத்தில் ஆள் போடுவது வீண். ஆனால் இதிலும் ஒரு தடவை அடிபட்டோம். முதலில் பிடித்தவர் கையில் ஆறு கஸ்டமர், ஆறும் துணிக்கடை. தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரம் போனே எடுக்கவில்லை, ஆறு பேருக்கும் சீசன் ஒன்றுதானே. இப்போது இருப்பவர் ஒரு பல் மருத்துவமனைக்கும் ஒரு டியூஷன் சென்டருக்கும் பார்க்கிறார், எங்கள் சீசனில் அவருக்கு நெருக்கடி இல்லை. மாதக் கணக்கில் லைக், ரீச் எத்தனை என்று அவரிடம் கேட்பதில்லை. விளம்பரத்தைப் பார்த்து எத்தனை பேர் மெசேஜ் பேச ஆரம்பித்தார்கள் என்று காட்டும் Messaging conversations started என்ற எண்ணிக்கையைப் பார்த்து, அதைக் கடை ஆர்டர் நோட்டோடு ஒப்பிடுகிறோம். மெசேஜ் கூடியும் ஆர்டர் கூடவில்லை என்றால், விளம்பரம் தப்பான ஆளுக்குப் போகிறதா, நம் பக்கம் பதில் தாமதமா என்று இருவரும் உட்கார்ந்து பார்க்கிறோம்.

ஏஜென்சியே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். நாலைந்து கிளை இருந்து, ஒரே டிசைன் மாதக்கணக்கில் ஸ்டாக் இருக்கும் கடைக்கு அது சரிப்படும். டிசைனர், எடிட்டர், விளம்பர ஆள் என்று மூன்று பேரைத் தனித்தனியாகத் தேடி அலைய வேண்டாம். ஆனால் பேச வருகிறவரே நம் பக்கத்தைப் பார்க்கப் போகிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். வேலை செய்யப்போகிற ஆள் யார், அவர் கையில் இப்போது எத்தனை பக்கம் இருக்கிறது என்று கேட்டு, அவரிடமே பத்து நிமிடம் பேசிவிடுங்கள்.

யாரை வைத்தாலும் கணக்கு உங்கள் பெயரில் இருக்கட்டும். எங்கள் விளம்பரக் கணக்கை ஏஜென்சி தன் பெயரில் திறந்திருந்தது. விலகியபோது ஆறு மாதம் விளம்பரம் ஓடிய விவரம் அத்தனையும் அவர்களோடு போய்விட்டது, நாங்கள் புதிதாக ஆரம்பித்தோம். உங்கள் பெயரிலேயே மெட்டா பிசினஸ் கணக்கைத் திறந்து, Business settings உள்ளே Partners பகுதியில் ஏஜென்சிக்கு அனுமதி மட்டும் கொடுங்கள். விலகும் நாளில் அந்த அனுமதியை எடுத்துவிட்டால் போதும். கடை ஆளை வைத்தாலும் லாகின் கோட் கடை சிம்முக்கே வரட்டும், உங்களையும் இன்னொரு அட்மினாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.