டிஸ்சார்ஜ் சம்மரியில் அந்த ஒரு வரி

கேள்வி: அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்தோம். சம்மரியில் கையெழுத்து புரியவில்லை, விவரம் விடுபட்டிருக்கிறது என்று, இன்சூரன்ஸ் கம்பெனிக்காக கிளைம்களைப் பரிசீலிக்கும் டிபிஏ எங்கள் கிளைமை நிறுத்தி வைத்திருக்கிறது. யாரிடம் போய் எதைத் திருத்துவது?

முதலில் கொயரி கடிதத்தை நிதானமாகப் படியுங்கள். 'தெளிவில்லை' என்று பொதுவாக எழுதியிருந்தாலும், பெரும்பாலும் அவர்கள் தேடுவது நோய் எத்தனை நாளாக இருக்கிறது என்பதைத்தான்.

டாக்டர்கள் காலத்தைப் பின்னம் போலச் சுருக்கி எழுதுவார்கள். 3/7 என்றால் மூன்று நாள், 3/52 மூன்று வாரம், 3/12 மூன்று மாதம். பாலிசி 2024 ஜனவரியில் எடுத்தது, அட்மிஷன் 2025 மார்ச் என்று வையுங்கள். 'நெஞ்சுவலி 3/7' என்பதன் கீழ்ப்பாதி கிறுக்கலாகி மூன்று வருஷமாகத் தெரிந்தால், பாலிசிக்கு முன்பே இருந்த நோயோ என்ற சந்தேகம் வந்துவிடும். பக்கத்திலேயே பிபி உண்டு என்று எழுதி, எப்போதிருந்து என்பதை விட்டிருந்தால் கேட்கவே வேண்டாம்.

பில்லிங் கவுண்டரில் நின்று பயனில்லை. மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவில், உள்நோயாளிக்குத் தரும் ஐபி நம்பரைப் போட்டு, கேஸ் ஷீட் நகல் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். உங்கள் பிரதியில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிகளின்படி, நோயாளி தரப்பு கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணம் தர வேண்டும்.

நகல் வந்ததும், அட்மிஷன் அன்று எமர்ஜென்சியில் எழுதிய குறிப்பையும் நர்ஸ் குறிப்பையும் பாருங்கள். அங்கே மூன்று நாள் என்று தெளிவாக இருந்தால் வேலை பாதி முடிந்தது. அதைக் காட்டி, சிகிச்சை செய்த டாக்டரிடமே லெட்டர்ஹெட்டில் டைப் செய்த சான்று வாங்குங்கள். பெயர், ஐபி நம்பர், சேர்ந்த தேதி, டிஸ்சார்ஜ் தேதி, நோயின் பெயர், வலி தொடங்கிய நாள், பிபி முதலில் தெரிந்த மாதமும் வருடமும் அதில் வர வேண்டும். கீழே கையெழுத்து, தேதி, டாக்டரின் பதிவு எண், ஆஸ்பத்திரி சீல். பதிவு எண்ணை மறந்துவிட்டு இரண்டாம் முறை அலைபவர்கள் நிறையப் பேர்.

பழைய சம்மரியின் மேலேயே பேனாவால் திருத்த விடாதீர்கள். அடித்து எழுதிய காகிதம் இன்னொரு கொயரியைக் கொண்டுவரும். கேஸ் ஷீட்டில் நிஜமாகவே மூன்று வருஷம் என்றிருந்தால் மாற்றி எழுதித் தரச் சொல்லாதீர்கள். டிபிஏ அதே கேஸ் ஷீட்டைக் கேட்டு வாங்கும், இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் பொய்த் தகவல் என்று மொத்தமாகவே மறுக்க இடமாகிவிடும். பாலிசி எடுக்கும்போதே அந்த நோயைச் சொல்லியிருந்தால், புரபோசல் ஃபார்ம் நகலை இணைப்பதே சரியான வழி.

டாக்டர்களைத் திட்டுகிறேன் என்று சண்டைக்கு வராதீர்கள். நள்ளிரவில் நாற்பது பேரைப் பார்ப்பவரின் கையெழுத்து அப்படித்தான் இருக்கும். ஆனால் பஞ்சு, கையுறை வரை பில்லை அழகாக டைப் செய்யும் ஆஸ்பத்திரிக்கு இந்த ஒரு வரியை டைப் செய்ய மட்டும் ஆள் கிடைப்பதில்லை, அதுதான் எரிச்சல்.

டாக்டர் லீவில் இருந்தால், கொயரியில் உள்ள கெடு முடியும் முன்பே கிளைம் நம்பரைக் குறிப்பிட்டு அவகாசம் கேட்டு மெயில் போட்டுவிடுங்கள்.