அட்டை அண்ணாவுடையது

கேள்வி: கிளிநொச்சியில் ஒரு ஜிம்முக்கு ஒரு வருடப் பக்கேஜ் எடுத்தேன், 48,000 ரூபா. நவம்பரிலிருந்து ஒக்ரோபர் வரைக்கும். எனக்குச் சுகர் கூடியதால் ரொறன்ரோவில் இருக்கும் அண்ணாதான், அவர்கள் அனுப்பிய லிங்கில் தன் கடனட்டையால் கட்டினார். நவம்பர், டிசம்பர் ஒழுங்காகப் போனேன். பிறகு பாடசாலை வேலையால் விட்டுவிட்டேன். பெப்ரவரி 28 உடன் ஜிம்மை மூடிவிட்டார்கள். கேட்டால், 'வவுனியாக் கிளைக்கு வாங்கோ' என்கிறார் உரிமையாளர். நானும் 'சரி, பார்ப்பம்' என்று வட்ஸ்அப்பில் போட்டேன். காசைத் திருப்பிக் கேட்கலாமா? அண்ணா கவலைப்படுவார் என்பதால், இன்னும் போய்க்கொண்டிருப்பதாகத்தான் அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.
– ஆசிரியை, கிளிநொச்சி

பதில்: தங்கச்சி, காசைக் கேட்கலாம். ஆனால் உங்கள் கடிதத்தின் கடைசி வரியிலேயே இந்தக் காசு நின்றுவிட்டது. அண்ணாவிடம் பொய் சொல்லி வைத்திருக்கிறீர்கள். அந்தப் பொய்யைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். இந்தக் காசு திரும்பி வருவதற்கு இருக்கிற மிகக் கிட்டின வழி உங்கள் அண்ணாவின் கையில் இருக்கிறது. அந்த வழிக்கு நாளும் குறித்திருக்கிறது. நீங்கள் வாய் திறக்கும்வரை அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

கடனட்டையால் முன்பணம் கட்டி, சேவை தருகிறவர் கடையைப் பூட்டிவிட்டால், அட்டைக்காரர் தன் வங்கியிடம் 'சேவை கிடைக்கவில்லை' என்று முறையிட்டுக் காசைத் திருப்பிக் கேட்கலாம். இதைச் சார்ஜ்பேக் என்பார்கள். அண்ணாவின் கனடா வங்கி, உரிமையாளருக்கு அட்டைக் காசு வாங்கிக் கொடுத்த இங்குள்ள வங்கியிடம் கேட்கும். கடை மூடியிருந்தாலும் இது நடக்கும். ஆனால் முறையிட வேண்டியவர் அட்டைக்குச் சொந்தக்காரர். நீங்கள் எத்தனை தரம் அந்த வங்கிக்கு எடுத்தாலும் உங்களோடு கதைக்க மாட்டார்கள். விசா, மாஸ்டர்கார்ட் விதிகளின்படி, சேவை நின்றது தெரிந்த நாளிலிருந்து பொதுவாக 120 நாள்தான் தவணை. பெப்ரவரி 28 இலிருந்து எண்ணினால் ஜூன் 28. வங்கிகள் தங்களுக்கென்று இன்னும் குறுகிய தவணை வைத்திருப்பதும் உண்டு. ஆகவே அந்தத் தேதியை நம்பிப் படுத்திருக்க வேண்டாம்.

காசு கட்டியதற்கான மின்னஞ்சலும் அண்ணாவிடம்தான் இருக்கும். அவருடைய அட்டைக் கணக்கில் ஜிம்மின் பெயரே இல்லாமல், காசு வாங்கிக் கொடுக்கும் நிறுவனத்தின் பெயர் விழுந்திருக்கவும் கூடும். தொகையையும் தேதியையும் வைத்து அவர் அதைத் தேடி எடுக்க வேண்டும். நீங்கள் உண்மையைச் சொல்லாமல் இதில் ஒன்றும் அசையாது.

அண்ணா கவலைப்படுவார் என்கிறீர்கள். குளிரில் நின்று உழைத்த காசில் தங்கச்சியின் சுகரை நினைத்துக் கட்டியவர் அவர். கவலைப்படுவது அவருடைய உரிமை. அதை அவரிடமிருந்து மறைத்து, அவர் காசை முன்பின் தெரியாத ஒருவரிடம் விட்டு வைப்பதை நான் பாசம் என்று ஒத்துக்கொள்ள மாட்டேன். வெளிநாட்டில் இருக்கிற சகோதரங்களுக்கு நல்ல செய்தி மட்டும் சொல்லும் பழக்கம் நம் வீடுகளில் ஊறிப்போய்விட்டது. காசு அனுப்புகிற கைக்குக் கணக்குச் சொல்ல வேண்டியது வாங்குகிற கையின் கடமை. ஜனவரியிலிருந்து நீங்களே போகவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

அதற்குக் காரணம் இருக்கிறது. கணக்கு அதில்தான் நிற்கிறது. 48,000 ரூபாவைப் பன்னிரண்டால் பிரித்தால் மாதத்துக்கு 4,000. கதவு திறந்திருந்தது நான்கு மாதம், அதாவது 16,000. மிச்சம் எட்டு மாதத்துக்கு 32,000. நீங்கள் கேட்க வேண்டியது அந்த 32,000 மட்டும். ஜனவரியிலும் பெப்ரவரியிலும் ஜிம் திறந்துதான் இருந்தது, நீங்கள்தான் போகவில்லை. அந்த இரண்டு மாதத்தையும் சேர்த்து 40,000 கேட்டால் அது நியாயமில்லை. உரிமையாளர் வருகைப் பதிவைக் காட்டி உங்களைப் பொய்க்காரி ஆக்குவதற்கும் நீங்களே வழி கொடுத்ததாகிவிடும். அவரும் ஒரு கணக்கோடு வரலாம்: 'மாதாமாதம் கட்டினால் 5,000, நான்கு மாதத்துக்கு 20,000 கழித்து 28,000 தான் தருவேன்' என்று. நீங்களாக இடையில் விலகியிருந்தால் அந்தக் கதைக்கு ஓரளவு இடமுண்டு. கடையைப் பூட்டியது அவர். கழிவு கொடுத்தேன் என்று இப்போது அவர் சொல்வதை ஏற்க வேண்டாம்.

அடுத்தது அந்தச் 'சரி, பார்ப்பம்'. மரியாதைக்குச் சொன்னது என்று எனக்கு விளங்குகிறது. வங்கிக்கு விளங்காது. மாற்று இடம் கொடுத்தேன், அவரும் ஒத்துக்கொண்டார் என்று உரிமையாளர் அந்தச் செய்தியைத்தான் காட்டுவார். ஆகவே அதே வட்ஸ்அப்பில் இன்றைக்கே இப்படி எழுதுங்கள்: 'நான் கிளிநொச்சி ஜிம்முக்குத்தான் காசு கட்டினேன். வவுனியா எழுபது கிலோமீற்றருக்கு மேல். அங்கே வர என்னால் முடியாது, வருவதாக நான் ஒப்புக்கொள்ளவும் இல்லை. மீதி எட்டு மாதத்துக்குரிய 32,000 ரூபாவைப் பதினான்கு நாளுக்குள் திருப்பித் தரவும்.' இதையே கடிதமாக எழுதிப் பதிவுத்தபாலிலும் அனுப்பி, தபாற்கந்தோர் தருகிற துண்டை வைத்திருங்கள். பூட்டிய கதவையும் அதில் அறிவித்தல் ஏதும் ஒட்டியிருந்தால் அதையும் படம் எடுங்கள். வட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். தொலைபேசியில் அவர் என்ன வாக்குக் கொடுத்தாலும் அதை எழுத்தில் போடச் சொல்லுங்கள். 'இரண்டு மாதம் பொறுங்கோ' என்று சொன்னால் கட்டாயம் மறுத்துவிடுங்கள். 120 நாள் அப்படித்தான் கரைந்து போகும்.

கடிதத்தின் பிரதியும் படங்களும் அண்ணாவுக்குப் போகட்டும். பதினான்கு நாளில் பதில் வராவிட்டால் அவர் வங்கியில் முறையிடுவார். ஜூன் 28 கிட்டிவிட்டால் பதினான்கு நாளையும் பார்க்க வேண்டாம். உரிமையாளர் மறுத்து ஆவணங்கள் கொடுத்தால் வங்கி இரண்டு பக்கத்தையும் பார்க்கும், முடிவு வர மாதக்கணக்கில் இழுபடலாம். இடையில் அவர் காசாகவே தந்துவிட்டால், அண்ணா முறைப்பாட்டை உடனே திரும்ப எடுக்க வேண்டும். ஒரே காசை இரண்டு பக்கத்தாலும் வாங்குவது களவு.

வங்கி கைவிரித்தால் இங்கே செய்ய வேண்டியது. பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் சொல்லலாம், ஆனால் எழுத்திலும் கொடுங்கள். அவர்களுடைய 2003 ஆம் ஆண்டுச் சட்டம் முறைப்பாட்டுக்கு மூன்று மாதத் தவணை வைக்கிறது. அதனால் வங்கியின் முடிவுக்குக் காத்திராமல் இதை இப்போதே கொடுத்துவிடுவது நல்லது. பிறகு மத்தியஸ்த சபை. அதற்கு உரிமையாளரின் சரியான பெயரும் விலாசமும் வேண்டும். வியாபாரப் பெயர்ப் பதிவைப் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். தனியாள் பெயரில் பதிந்த வியாபாரம் என்றால் கடையைப் பூட்டியதால் கடன் பூட்டுப்படாது, அந்த ஆள்தான் பொறுப்பு. லிமிட்டெட் கம்பனி என்றால் கம்பனியிடம் என்ன மிஞ்சியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. அப்போது இந்த வழியில் காசு கிடைப்பது கடினம்.

வங்கி தருகிற காசு அண்ணாவின் அட்டைக்கே டொலரில் போகும். நாணய மாற்றில் கொஞ்சம் கூடக் குறைய வரும், அதற்காக அவரோடு கணக்குப் பார்க்க வேண்டாம். அதை உங்களுக்குத் திருப்பி அனுப்பச் சொல்லியும் கேட்காதீர்கள். இங்கே இரவு எட்டு மணி என்றால் அங்கே காலை பத்தரை. இன்றைக்கே எடுத்துச் சொல்லுங்கள். முதலில் ஜனவரியிலிருந்து போகாததைச் சொல்லுங்கள், ஜிம் மூடியதை அதற்குப் பிறகு சொல்லலாம்.