ஒரே ஈ.சி.ஜி.யில் 100-ம் 60-மா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 67. பாலக்கோட்டில் எடுத்த ஈ.சி.ஜி. தாளைப் போனில் படம் பிடித்து அனுப்பியிருக்கிறேன். இரண்டு துடிப்புக்கு நடுவில் உள்ள பெரிய கட்டங்களை எண்ணி 300-ஐ வகுத்தால் ஓரிடத்தில் 100, பக்கத்திலேயே 60 வருகிறது. எது சரி டாக்டர்?

பதில்: நீங்கள் எண்ணியதில் தப்பில்லை. தாள் நொடிக்கு 25 மி.மீ. வேகத்தில் ஓடுவதால் ஒரு பெரிய கட்டம் 0.2 நொடி, நிமிடத்துக்கு 300 கட்டம். ஆனால் இடைவெளி எல்லாம் ஒரே அளவாக இருந்தால்தான் அந்த வகுத்தல் செல்லும். அப்பாவுக்கு அப்படி இல்லை.

இதற்கு வேறு வழி இருக்கிறது. ஈ.சி.ஜி. தாளில் மேலே உள்ள பத்திகளை விடுங்கள். ஒவ்வொன்றும் இரண்டரை நொடிதான். அடியில் தாளின் முழு நீளத்துக்கும் ஓடும் ஒற்றை வரியைப் பாருங்கள். அது 10 நொடி, அதாவது 50 பெரிய கட்டம். உங்கள் படத்தில் ஓரம் வெட்டுப்படாமல் 50-ம் இருக்கின்றன. கூர்முனைகளை எண்ணினேன், 14. ஆறால் பெருக்கினால் நிமிடத்துக்குச் சராசரி 84. ஓரம் வெட்டுப்பட்டிருந்தால் 30 கட்டத்துக்குள் எண்ணிப் பத்தால் பெருக்கலாம்.

போன் திரையில் ஸ்கேல் வைத்து அளக்காதீர்கள். சாய்த்து எடுத்த படத்தில் ஒரு பக்கம் கட்டம் சுருங்கும். அலையும் அதே அளவு சுருங்குவதால், கட்டத்தை எண்ணினால் ஏமாற மாட்டோம்.

வேகத்தைவிட எனக்குக் கவலை தருவது சீரின்மை. அசல் தாளின் மேல் ஒரு வெள்ளைத் தாளின் ஓரத்தை வைத்து, அடுத்தடுத்த நான்கு முனைகளுக்குக் கோடு போடுங்கள். பிறகு ஒரு துடிப்பு தள்ளி நகர்த்துங்கள். சீரான துடிப்பென்றால் கோடும் முனையும் மறுபடி பொருந்தும். ஒரு துடிப்பு மட்டும் முந்தி வந்து, பின் சற்று இடைவெளி விட்டு, மற்றவை பொருந்தினால் அது பலருக்கும் வரும் கூடுதல் துடிப்பாக இருக்கலாம். அப்பாவின் வரியில் இடைவெளி 3, 5, இரண்டரை, 4 கட்டம் என்று எந்த ஒழுங்குமே இல்லை. இந்த வயதில் இப்படி இருந்தால் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனா என்று பார்த்தே ஆக வேண்டும். இதயத்தின் மேலறை ஒழுங்காகச் சுருங்காமல், அங்கே ரத்தம் உறைந்து, மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வரவைக்கக் கூடியது அது.

அதை உறுதிசெய்ய, ஒவ்வொரு கூர்முனைக்கும் முன்னால் 'பி' அலை என்ற சின்ன மேடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உங்கள் படத்தில் அந்த இடம் நிழலடித்து மங்கியிருக்கிறது. அதை வைத்து நான் முடிவு சொல்ல மாட்டேன். இந்த வாரத்திலேயே அசல் தாளுடன் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். மறுபடி ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்து, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை வேண்டுமா என்று அங்கே முடிவு செய்வார்கள். நீங்களாக எதையும் தொடங்க வேண்டாம். நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், மயக்கம், வாய் கோணுதல், கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல் எது வந்தாலும் உடனே 108.

அதுவரை அசலை வெயிலிலோ பிளாஸ்டிக் உறையிலோ வைக்காதீர்கள். அது வெப்பத்தால் அச்சாகும் தாள், கோடு மங்கிவிடும்.