விற்ற கால் சிவப்பாக இருந்தால் இருக்கட்டும்

கேள்வி: கடலூர் முதுநகரில் படகு இன்ஜின் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். மீன்பிடித் தடைக்காலத்தில் வியாபாரம் படுத்துவிடும். அதைச் சமாளிக்க மச்சானிடம் மாதம் 2 ரூபாய் வட்டிக்கு 2 லட்சம் வாங்கி, நிஃப்டியில் மாதம் ஒரு லாட் புல் கால் ஸ்ப்ரெட் போடுகிறேன், அதாவது ஒரு கால் ஆப்ஷனை வாங்கி, அதைவிட மேல் விலைக்கான இன்னொரு காலை விற்கிறேன். நஷ்டம் வரம்பு தாண்டாது என்று வகுப்பில் சொன்னார்கள். மார்க்கெட் ஏறும்போது விற்ற கால் நஷ்டம் காட்டும், அதை உடனே மூடிவிடுவேன். ஐந்து மாதத்தில் 58,000 போய்விட்டது. நிஃப்டியை விட்டுவிட்டுப் பங்குகளில் போடலாமா?

பதில்: நீங்கள் அனுப்பிய கணக்குத் தாள்களைப் பார்த்தேன். ஒவ்வொரு மாதமும் சுமார் 130 புள்ளி கொடுத்துத்தான் ஸ்ப்ரெட் வாங்கியிருக்கிறீர்கள். 65 எண்ணிக்கை கொண்ட ஒரு லாட்டுக்கு அது 8,450 ரூபாய். ஐந்து மாதமும் மொத்தமாகத் தோற்றிருந்தால்கூட 42,250 தான் போயிருக்க வேண்டும். போனதோ 58,000. அப்படியென்றால் வரம்பை மார்க்கெட் உடைக்கவில்லை, உங்கள் விரல்தான் உடைத்திருக்கிறது.

உங்கள் தாள் ஒன்றை ஒட்டியே, எண்களைக் கொஞ்சம் உருட்டி எழுதுகிறேன். நிஃப்டி 25,000-ல் இருக்கிறது, ஆப்ஷன் தீரும் நாளான எக்ஸ்பைரிக்கு மூன்று வாரம். 25,000 காலை, அதாவது எக்ஸ்பைரியில் நிஃப்டி 25,000-க்கு மேல் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு தரும் ஆப்ஷனை, 290-க்கு வாங்கி, அதே எக்ஸ்பைரியில் 25,300 காலை 160-க்கு விற்கிறீர்கள். கையிலிருந்து போவது 130. 25,000, 25,300 என்ற இரண்டு ஸ்ட்ரைக்குக்கும் நடுவே 300 இருப்பதால், எவ்வளவு ஏறினாலும் லாபம் 170-க்கு மேல் போகாது. போட்ட முதல் திரும்ப வருவது 25,130-ல். அதாவது ‘கொஞ்சம் ஏறும்’ என்று நினைப்பவருக்கான பொருள் இது. ‘பறக்கும்’ என்று நினைப்பவர் இதைத் தொடவே கூடாது.

ஒரு வாரத்தில் நிஃப்டி 25,350 போகிறது. நீங்கள் நினைத்தது நடந்துவிட்டது, மேல் ஸ்ட்ரைக்கையும் தாண்டியாயிற்று. ஆனால் செல்போனில் முழு லாபமான 11,050 தெரியாது. வாங்கிய கால் 480 ஆகி 190 லாபம் பச்சையில், விற்ற கால் 276 ஆகி 116 நஷ்டம் சிவப்பில். இரண்டையும் கழித்தால் 74 புள்ளி, அதாவது 4,810 ரூபாய்தான். எக்ஸ்பைரிக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது, விற்ற காலில் நேர மதிப்பு, அதாவது மீதி நாட்களுக்காக விலையில் ஏறியிருக்கும் தொகை, கரையாமல் உட்கார்ந்திருக்கிறது. அது கரையக் கரையத்தான் 170 உங்கள் பக்கம் வரும். வகுப்பில் காட்டும் படம் எக்ஸ்பைரி நாளுக்கானது. நடுவில் எப்படி இருக்கும் என்பதை யாரும் படம் போட்டுக் காட்டுவதில்லை, காட்டினால் கூட்டம் சேராதோ என்னவோ.

இந்த இடத்தில்தான் நீங்கள் சிவப்பைப் பார்த்துப் பதறி, விற்ற காலை 276-க்குத் திரும்ப வாங்கி மூடுகிறீர்கள். அதில் 116 நஷ்டம் உறுதியாகிவிடுகிறது. கையில் மிஞ்சுவது 480 மதிப்புள்ள வெறும் கால். 8,450 ரூபாயோடு ஆரம்பித்தவர் இப்போது 31,200 ரூபாய் பொருளை எந்தத் தடுப்பும் இல்லாமல் வைத்திருக்கிறார். அடுத்த வாரம் நிஃப்டி 25,100-க்கு இறங்கினால் அந்தக் கால் 225 அளவில் நிற்கும். 290-க்கு வாங்கியதில் 65 நஷ்டம், ஏற்கெனவே போன 116, ஆக 181 புள்ளி, 11,765 ரூபாய். கைவைக்காமல் விட்டிருந்தால் விற்ற கால் 82-க்கு வந்திருக்கும். ஸ்ப்ரெட்டின் மதிப்பு 143, உங்களுக்கு 13 புள்ளி லாபம். அதே மார்க்கெட், அதே கணிப்பு. 25,000-க்குக் கீழே முடிந்திருந்தால் 406 புள்ளி, 26,390 ரூபாய் போயிருக்கும்.

வாங்கிய காலின் விலையைக் குறைத்துத் தந்ததே அந்த விற்ற கால்தான். அதைத் தனி வியாபாரமாகப் பார்க்காதீர்கள். திரையில் இரண்டு வரி தெரிந்தாலும் கூட்டுத்தொகையை மட்டும் பாருங்கள். வெளியே வருவதென்றால் இரண்டையும் ஒரே மூச்சில் மூடுங்கள். முதலில் விற்றதைத் திரும்ப வாங்கி, கையோடு வாங்கியதை விற்றுவிட வேண்டும். தலைகீழாகச் செய்தால் விற்ற கால் தனியாக நிற்கும், ஈட்டுப் பணமான மார்ஜின் லட்சத்துக்கு மேல் கேட்பார்கள். ஸ்ப்ரெட்டின் மதிப்பு 230, 240 தொட்டால் நான் கிளம்பிவிடுவேன். கடைசி 60 புள்ளிக்காக எக்ஸ்பைரி வரை காத்திருந்து, இருந்ததையும் கொடுத்துவிட்டு வந்த அனுபவம் எனக்கு உண்டு.

சரி, கணிப்பு தப்பாத ஆள் ஏன் ஒவ்வொரு மாதமும் நடுவிலேயே கைவைக்கிறார்? தேதிகளைப் பார்த்தால் விடை தெரிகிறது. ஐந்து மாதமும் 13, 14 தேதிகளில்தான் மூடியிருக்கிறீர்கள். மச்சானுக்கு வட்டி 15-ஆம் தேதி என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். எக்ஸ்பைரியோ மாதக் கடைசிச் செவ்வாய். 15-ஆம் தேதி கையில் தெரியும் 4,810-ல் 4,000 வட்டிக்குப் போனால் மிச்சம் 810. ‘மேலே இருக்கும் மூடியைக் கழற்றினால் கூட வருமே’ என்று தோன்றத்தான் செய்யும்.

அந்த வட்டியைக் கணக்கில் சேர்த்துப் பாருங்கள். வட்டி இல்லாதவருக்கு 8,450 பணயம் வைத்து 11,050 கிடைக்கும் வாய்ப்பு. உங்களுக்கு 12,450 பணயம், நல்ல மாதத்தில் கிடைப்பது 7,050. லாபத்துக்கு உச்சவரம்பு வைத்த பொருளில் வட்டிப் பணத்தைப் போட்டால், வட்டி அந்த வரம்புக்குள்ளிருந்துதான் எடுத்துக்கொள்ளும். போதாக்குறைக்கு நான்கு ஆர்டருக்கும் தரகும் வரியும் தனி. இது பாதிக்குப் பாதி ஜெயித்தாலும் நஷ்டம்தான். ‘ஹெட்ஜ் செய்த மாத வருமானம்’ என்று இப்போது தெருவுக்குத் தெரு வகுப்பு நடக்கிறது. செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வில், மூன்று நிதியாண்டுகளில் பங்குச் சந்தையின் ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் அடங்கிய எஃப் அண்ட் ஓ பிரிவில் இறங்கிய தனிநபர்களில் 100-க்கு 93 பேர் நஷ்டம். வகுப்பில் இதைச் சொன்னார்களா?

மிச்சமிருக்கும் 1,42,000-ஐ இந்த வாரமே மச்சானிடம் கொடுத்துவிடுங்கள். வட்டி 1,160-ஆக இறங்கும். 58,000-ஐக் கடை வருமானத்திலிருந்து ஏப்ரல் 15-க்குள் எவ்வளவு முடியுமோ அவ்வளவு அடைத்துவிடுங்கள், தடைக்காலம் ஜூன் 14 வரை இழுக்கும்போது வட்டி ஓடக் கூடாது. அது முடியும்வரை ஸ்ப்ரெட் வேண்டாம். பிறகும் ஆசை இருந்தால் சொந்தப் பணம், ஒரே லாட்.

பங்குகளில் போடலாமா என்ற கேள்விக்கு: கூடாது. நிஃப்டி ஆப்ஷன் பணமாகத் தீரும், பங்கு ஆப்ஷன் டெலிவரியாக, அதாவது பங்கையே கைமாற்றித் தீரும். 800, 820 ஸ்ப்ரெட் போட்டு, லாட் 700 என்று வையுங்கள். எக்ஸ்பைரியில் விலை 820-க்கு மேல் போனால் இரண்டு காலும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். 812-ல் நின்றால் விற்ற கால் செத்துவிடும், வாங்கிய கால் உயிரோடு இருக்கும். 700 பங்கை 800 வீதம் நீங்கள் எடுத்தாக வேண்டும், 5,60,000 ரூபாய். எக்ஸ்பைரிக்கு முந்தைய நான்கு நாளிலிருந்தே டெலிவரி மார்ஜின் படிப்படியாக ஏற ஆரம்பிக்கும். அந்தப் பணத்துக்கும் மச்சானிடம்தான் போவீர்கள்.