உச்சத்துக்குப் பக்கத்தில் முடியும் விலையை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி: நான் பார்த்துக்கொண்டிருக்கும் பங்கு கொஞ்சம் இறங்கியிருக்கு, ஆனா ஏ/டி லைன் மேலே போகுது, சாய்கின் மணி ஃப்ளோவும் 0.12 காட்டுது. பெரிய கைகள் வாங்குறாங்கன்னு எடுத்துக்கலாமா?

உடனே அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த 0.12 எந்தெந்த நாட்களிலிருந்து வந்தது என்று முதலில் பாருங்கள். நானும் இதே மாதிரி ஓர் எண்ணை நம்பி வாங்கி நஷ்டப்பட்டேன். அதற்குப் பிறகுதான் கணக்கைக் கையால் போட்டுப் பார்க்கும் பழக்கம் வந்தது.

மார்க் சாய்கின் கொடுத்த கணக்கு இவ்வளவுதான். இதில் MFM என்பது பெருக்கி, MFV அன்றைய பணவோட்டம், ADL ஏ/டி லைன், CMF சாய்கின் மணி ஃப்ளோ:

```
MFM = ((Close - Low) - (High - Close)) / (High - Low)
MFV = MFM * Volume
ADL = ADL[1] + MFV
CMF = SUM(MFV, 20) / SUM(Volume, 20)
```

இதில் முந்தைய நாளின் முடிவு விலை எங்கேயுமே இல்லை. அன்றைய உச்சத்துக்கும் தாழ்வுக்கும் நடுவே விலை எங்கே முடிந்தது என்பது மட்டும்தான் கணக்கு. சாதாரண நாட்களில் இதனால் பெரிய கேடு இல்லை. நேற்றைய முடிவுக்கும் இன்றைய விலைக்கும் நடுவே கேப் விழும் நாளில்தான் ஆபத்து.

ஓர் உதாரணம் போடுவோம். ஒரு பங்கு நேற்று 100-ல் முடிந்தது. இன்று கெட்ட செய்தி. 90-ல் திறந்து, 88 வரை இறங்கி, 93 வரை ஏறி, 92.5-ல் முடிகிறது. வழக்கமாக நாளுக்கு 10 லட்சம் பங்கு கைமாறும் இடத்தில் இன்று 50 லட்சம். பெருக்கி என்ன வருகிறது? 92.5 - 88 = 4.5, 93 - 92.5 = 0.5. இரண்டின் வித்தியாசம் 4, அதை 5-ஆல் வகுத்தால் 0.8. அதாவது 7.5 சதவீதம் விழுந்த நாளில் 40 லட்சம் பங்கு அளவுக்குப் ‘பணம் உள்ளே வந்தது’ என்று எழுதிக்கொள்கிறது.

மற்ற 19 நாட்களில் மொத்த வால்யூம் 190 லட்சம், அவற்றின் பணவோட்டக் கூட்டுத்தொகை மைனஸ் 12 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 19 நாட்களை மட்டும் எடுத்தால் மைனஸ் 0.06. லேசான விற்பனைதான். விழுந்த நாளையும் சேர்த்தால் 28-ஐ 240-ஆல் வகுக்க வேண்டும், கிட்டத்தட்ட பிளஸ் 0.12. ஒரே நாள் குறியையே மாற்றிவிட்டது. உங்கள் எண்ணும் இதுதான் என்பதால் சொல்கிறேன், உங்கள் சார்ட்டில் இப்படி ஒரு நாள் இருக்கிறதா என்று தேடுங்கள்.

கேப்பையும் கணக்கில் சேர்க்க எளிய வழி உண்டு. நேற்றைய முடிவு இன்றைய உச்சத்தைவிட மேலே இருந்தால் அதையே உச்சமாக எடுத்துக்கொள்ளுங்கள். தாழ்வைவிடக் கீழே இருந்தால் அதையே தாழ்வாக. கொலின் ட்விக்ஸ் தன் மணி ஃப்ளோவில் இந்த மாற்றத்தைத்தான் செய்தார் (சராசரி எடுக்கும் முறையையும் மாற்றினார்). நம் உதாரணத்தில் உச்சம் 100 ஆகிறது. பெருக்கி மைனஸ் 0.25, 20 நாள் கணக்கு மைனஸ் 0.10. அதே தரவு, நேர் எதிரான பதில்.

இன்னொன்றும் நடக்கும். அந்தப் பெரிய நாள் 20 நாள் கணக்கிலிருந்து வெளியேறும் அன்று, சந்தையில் ஒன்றுமே நடக்காவிட்டாலும் சிஎம்எஃப் தடாலென்று விழும். அதைப் புதிய விற்பனை என்று நினைத்துப் பதறுகிறவர்கள் நிறைய. ஏ/டி லைனிலோ அந்த 40 லட்சம் வெளியேறவே வெளியேறாது, கூட்டுத்தொகையில் நிரந்தரமாக உட்கார்ந்திருக்கும்.

சரி, கேப்பே இல்லாத நாளில் உச்சத்தருகே முடிந்தால்? அன்றைய விவாப்பை, அதாவது வால்யூமை எடையாக வைத்துக் கணக்கிட்ட சராசரி விலையைப் பாருங்கள். விலை 100-க்கும் 110-க்கும் நடுவே ஆடி 109-ல் முடிந்தால் பெருக்கி 0.8. ஆனால் விவாப் 103 என்றால், பெரும்பாலான பங்குகள் கீழேதான் கைமாறியிருக்கின்றன. விலை ஏறியது குறைந்த வால்யூமில், அநேகமாகக் கடைசி நேரத்தில். சூத்திரமோ முழு வால்யூமையும் 109-ஐ வைத்தே எடைபோடுகிறது. விவாப் 107 பக்கம் இருந்தால் நான் அந்த நாளை அதிகம் மதிப்பேன், ஏனென்றால் மேல்விலை கொடுத்தும் ஆட்கள் வாங்கியிருக்கிறார்கள். அப்புறம் அடுத்த இரண்டு மூன்று நாட்களில் விலை அந்த நாளின் நடுப்பகுதிக்குக் கீழே போய் முடியாமல் இருக்கிறதா என்றும் பார்ப்பேன்.

உங்கள் பங்குக்கு இப்போதே செய்யக்கூடியது: கடைசி 20 நாட்களை ஒரு ஷீட்டில் போட்டு, வால்யூம் அதிகமான ஒரு நாளை மட்டும் நீக்கிவிட்டுத் திரும்பக் கணக்கிடுங்கள். எண் 0.10 பக்கமே நின்றால், பிளஸ் பல நாட்களில் பரவி வந்திருக்கிறது; நான் அதைப் பொருட்படுத்துவேன். பூஜ்யத்துக்கு அருகிலோ மைனஸுக்கோ போனால், அந்த ஒரு நாளை மட்டும் எடுத்து, முந்தைய நாளின் முடிவையும் விவாப்பையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.