பால்மாடு வாங்கியும் மேலே வர முடியாத குடும்பம்: கணக்கு எங்கே இடிக்கிறது?

கேள்வி: பென்னாகரம் பக்கம் கூலி வேலைக்குப் போகும் சொந்தக்காரக் குடும்பம். இரண்டு பேரும் நல்ல உழைப்பாளிகள், குடிப் பழக்கமும் இல்லை. லோன் போட்டு மாடு வாங்கினார்கள், ஒரே வருஷத்தில் விற்றுவிட்டார்கள், கடன் மட்டும் நிற்கிறது. லோனே வேண்டாம், மாசம் ஆயிரம் ரூபாய் சேர்த்திருந்தால்கூட மாடு வாங்கியிருக்கலாமே? ஏன் இவர்களால் முடியவில்லை?

பதில்:

மாட்டுக் கணக்கை முதலில் போட்டுப் பார்த்துவிடலாம். சிக்கனம், பொறுப்பு பற்றியெல்லாம் பேசுவதற்கு முன்னால் அதுதான் தெரிய வேண்டியது.

50,000 ரூபாய்க்கு ஒரு ஜெர்சி கலப்பு மாடு, கன்று போட்டுக் கொஞ்ச நாள் ஆனது, நாளைக்கு 8 லிட்டர் கறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு அரை லிட்டர் போக ஏழரை லிட்டர் சொசைட்டிக்குப் போகும். கொழுப்பு, சத்து அளவைப் பொறுத்து விலை மாறும் என்றாலும் லிட்டருக்கு 35 ரூபாய் என்று போட்டால் நாளைக்கு சுமார் 262 ரூபாய். அந்த மாட்டுக்கு உடம்பைக் காக்க ஒன்றரைக் கிலோ, இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ என்ற கணக்கில் நாலரைக் கிலோவுக்குக் குறையாமல் அடர் தீவனம் வேண்டும். கிலோ 30 ரூபாய் என்றால் 135. இதுபோக 20 கிலோ பசுந்தீவனமும் 5 கிலோ ராகித் தாளோ சோளத்தட்டோ வேண்டும்.

இப்போது ஒரே ஊரில் இரண்டு வீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வீட்டில் கிணற்றுத் தண்ணீர் உண்டு. பத்துப் பதினைந்து சென்டில் கோ-5 புல் நிற்கிறது, சொந்தக் காட்டில் அறுத்த ராகித் தாள் போராகக் கிடக்கிறது. அவர்களுக்குக் கைக்காசு செலவு அடர் தீவனம் மட்டும்தான். நாளைக்கு 127 ரூபாய், மாதம் 3,800 ரூபாய் மிஞ்சும். இரண்டாவது வீடு உங்கள் சொந்தக்காரர் வீடு மாதிரி: மானாவாரி நிலம் ஒரு ஏக்கரோ அதற்கும் கீழோ. தட்டுக்கு 40 ரூபாய், பசும்புல்லுக்கு 60 ரூபாய் என்று விலைக்கு வாங்கினால் மொத்தச் செலவு 235. மிஞ்சுவது 27 ரூபாய், மாதத்துக்கு 800 சொச்சம்.

50,000 ரூபாயை 24 சதவீத வட்டியில் இரண்டு வருஷத் தவணையில் வாங்கியிருந்தால் மாதம் சுமார் 2,640 ரூபாய் கட்ட வேண்டும். முதல் வீடு பால் காசிலேயே கட்டிவிட்டு ஆயிரத்துச் சொச்சம் மிச்சம் பிடிக்கும். இரண்டாவது வீடு மாதம் 1,800 ரூபாயைக் கூலியிலிருந்து எடுத்துக் கட்டும். மாடு அதேதான், உழைப்பும் அதேதான். வித்தியாசம் கிணறும் தாள் போரும்.

இங்கிருந்துதான் சரிவு தொடங்குகிறது. தீவன மூட்டைக்குக் கடைக்காரரிடம் இன்றைக்கே காசு கொடுக்க வேண்டும். பால் காசு பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு முறைதான் கைக்கு வரும். நுண்கடன் குழு வழியாக வாங்கிய கடன் என்றால் தவணை வசூலுக்கு வாராவாரம் ஆள் வந்து நிற்பார். மூன்றில் தள்ளிப்போடக் கூடியது தீவனம் ஒன்றுதான், மாடு வாய் திறந்து கேட்காது. நாலரைக் கிலோ இரண்டு கிலோவாகக் குறைகிறது. நாளைக்கு 75 ரூபாய் மிச்சம். கொஞ்ச நாளில் பால் 5 லிட்டருக்கு இறங்கினால் 105 ரூபாய் நஷ்டம். இது அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. 75 ரூபாய் இன்றைக்கு இல்லை, அவ்வளவுதான்.

இதைவிடப் பெரிய அடி பின்னால் வருகிறது. தீவனம் குறைந்து உடம்பு இளைத்த மாடு பருவத்துக்கு வராது, வந்தாலும் சினை ஊசி நிற்காது. கன்று போட்டு மூன்று மாதத்துக்குள் சினை பிடித்தால்தான் 12, 13 மாதத்துக்கு ஒரு கன்று என்ற கணக்கு ஓடும். எட்டாவது மாதம் சினை பிடிக்கிறது என்று வையுங்கள். பத்தாவது மாதத்தோடு பால் வற்றிவிடும், அடுத்த கன்று பதினேழாவது மாதம். நடுவில் ஏழு மாதம் ஒரு சொட்டுப் பால் கிடையாது. அந்த ஏழு மாதத்துக்குத் தவணை மட்டும் 18,500 ரூபாய். உயிரைக் காக்கும் அளவுக்கு நாளைக்கு 80 ரூபாய் தீனி போட்டாலே 16,800 ரூபாய். பால் இல்லாத மாட்டுக்கு 35,000 ரூபாய் செலவழித்துக் காத்திருக்க எந்தக் கூலிக் குடும்பத்தால் முடியும்? காரிமங்கலம் சந்தைக்கோ போச்சம்பள்ளி சந்தைக்கோ ஓட்டிப் போய்விடுவார்கள். வற்றிய மாட்டைப் பார்த்ததுமே வியாபாரிக்கு அவசரம் தெரிந்துவிடும். 25,000 கிடைத்தால் பெரிது. பன்னிரண்டாவது மாதம் விற்றால், அதுவரை 31,700 ரூபாய் கட்டியிருந்தும் அசல் பாக்கி 28,000 நிற்கும். மாடும் போய், மேலே 3,000 ரூபாய் கடனும் மிஞ்சும். உங்கள் சொந்தக்காரர் வீட்டில் நடந்ததும் ஏறக்குறைய இதுவாகத்தான் இருக்கும்.

முதல் வீட்டுக்கும் மாடு வற்றும், ஆனால் இரண்டு மாதம்தான், அதையும் புல்லும் தாளும் தாங்கிவிடும்.

இனி உங்கள் ‘மாசம் ஆயிரம்’. மாதம் ஆயிரம் என்றால் 50,000 சேர 50 மாதம், நாலு வருஷத்துக்கு மேல். தொகை பெரியது என்பதல்ல சிக்கல்; அரை மாடு வாங்க முடியாது என்பதுதான் சிக்கல். 49-ஆவது மாதம் வரைக்கும் அந்தப் பணம் ஒரு பைசா வருமானம் தராமல் சும்மா இருக்கும். அந்த நாலு வருஷத்தில் பிரசவம், காய்ச்சல், சாவு, வேலையில்லாத ஐப்பசி கார்த்திகை மழை நாட்கள் எல்லாம் வந்து போகும். பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவர் கீழே விழுந்து ஒரு மாதம் படுத்தால் சேர்த்ததெல்லாம் போய்விடும். பதிவில்லாத ஏலச்சீட்டு கட்டியவர்களுக்கு நடத்துபவர் ஓடிப்போகும் ஆபத்தும் கூட.

சேமிப்பு தீர்ந்த பிறகும் செலவு நிற்காவிட்டால் அடுத்தது தண்டல். 10,000 என்று பேசி 1,500-ஐ முன்னாலேயே பிடித்துக்கொண்டு 8,500 கொடுப்பார்கள். தினம் 100 ரூபாய், 100 நாள். பார்வைக்குப் பதினைந்து சதவீதம் மாதிரி இருக்கும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருவதால், உண்மையில் வருஷத்துக்கு சுமார் 120 சதவீத வட்டி. ஒரு முறை இதில் நுழைந்த குடும்பத்தின் அந்த ‘மாசம் ஆயிரம்’ மூன்று மாதத்துக்குத் தண்டல்காரரிடம்தான் போகும், மேலே இரண்டாயிரமும் சேர்த்து.

இதைப் பொருளாதாரத்தில் வறுமைப் பொறி என்பார்கள். ஒரு குறிப்பிட்ட அளவு சொத்துக்கு மேலே இருப்பவர் தானாக ஏறுகிறார். அதற்குக் கீழே இருப்பவர் எவ்வளவு முயன்றாலும் பழைய இடத்துக்கே வழுக்குகிறார். இதற்கு நல்ல ஆதாரம் வங்கதேசத்தில் இருந்து வருகிறது. அங்கே பிராக் என்ற தொண்டு நிறுவனம் 2007-இல் தொடங்கி மிக ஏழைப் பெண்களுக்குக் கடனாக இல்லாமல் இலவசமாகவே, பெரும்பாலும் மாடாக, ஒரு சொத்தைக் கொடுத்துப் பயிற்சியும் தந்தது. அந்தக் குடும்பங்களைப் பதினோரு வருஷம் தொடர்ந்த ஆய்வு 2022-இல் வெளியானது. மாட்டோடு சேர்த்து அந்த வரம்பைத் தாண்டியவர்கள் மேலும் சொத்து சேர்த்தார்கள். மாடு வந்தும் வரம்புக்குக் கீழேயே நின்றவர்கள் பழைய நிலைக்கு இறங்கினார்கள். மாட்டைத் தவிர வேறொன்றும் இல்லாதவர்களுக்கு மாடு மட்டும் போதவில்லை. எல்லா ஊரிலும், எல்லாத் தொழிலிலும் இப்படி ஒரு வரம்பு இருப்பதாகச் சொல்ல முடியாது. ஆனால் பாசனமில்லாத தர்மபுரி மண்ணில் பால்மாட்டுக்கு அது கண்ணுக்குத் தெரிகிறது, தாள் போரின் உயரத்தில்.

அப்படியானால் என்ன செய்வது? மாடு வாங்கலாமா என்று முடிவு செய்ய ஒரே கேள்வி போதும்: சித்திரை வைகாசியில் தீனி எங்கிருந்து வரும்? பதில் ‘விலைக்கு’ என்றால் இப்போதைக்கு மாடு வேண்டாம். வேலியோரம் அகத்தி, சூபாபுல் நட்டு, மானாவாரியில் தீவனச் சோளம் விதைத்து, தட்டு விலை குறைவாக இருக்கும் ராகி அறுவடைச் சமயத்திலேயே நாலைந்து மாதத்துக்கு வாங்கிப் போர் போட்டுவிட்டுத்தான் சந்தைக்குப் போக வேண்டும். அந்தக் கணிசமான காசுக்கு வழி இருந்தால் அதுதான் முதல் முதலீடு, மாடு இரண்டாவது.

அடுத்து, கடனை எதற்கு வாங்குவது என்பது. கால்நடை வளர்ப்போருக்கும் கிசான் கிரெடிட் கார்டு உண்டு, சொந்த நிலம் இல்லாதவரும் கேட்கலாம். வட்டி 7 சதவீதம், கெடு தவறாமல் கட்டினால் 4. ஆனால் இது நடைமுறைச் செலவுக்கான கடன், மாடு வாங்குவதற்கல்ல. பலர் இதையே குறையாகச் சொல்கிறார்கள். என்னைக் கேட்டால் இதுதான் சரி, ஏனென்றால் மேலே பார்த்த சரிவு தீவனக் காசில்தான் தொடங்கியது. மகளிர் குழு தன் சேமிப்பிலிருந்து உறுப்பினருக்குத் தரும் உள்கடனையும் இப்படித்தான் பயன்படுத்த வேண்டும். தமிழ்நாட்டில் மகளிர் குழுக்கள் 1989-இல் தொடங்கியதே தர்மபுரியில்தான், அதனால் இங்கே குழு இல்லாத ஊர் அரிது. ஐந்தாயிரம் உள்கடன் தீவனத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் போனால் தண்டல் வாசலுக்கு வராது.

வாங்குவதென்றால் இரண்டாவது ஈற்று மாடு, மூன்று வேளை நீங்களே நின்று கறந்து பார்த்துவிட்டு. வந்த வாரமே காப்பீடு. காதுவில்லை விழுந்துவிட்டால் உடனே சொல்லி மாற்ற வேண்டும், வில்லை இல்லாமல் செத்த மாட்டுக்குப் பணம் வாங்குவது பெரும்பாடு. கன்று போட்டு இரண்டு மாதம் ஆனதிலிருந்து தினமும் காலையும் மாலையும் பருவ அறிகுறி பார்ப்பது தவணையைவிட முக்கியம். 90 நாள் தாண்டியும் வரவில்லை என்றால் கால்நடை டாக்டரிடம் காட்டிவிட வேண்டும்.

இப்போதைக்கு உங்கள் சொந்தக்காரருக்கு மாட்டைவிட ஆடு பொருந்தும். இரண்டு வெள்ளாட்டுக் குட்டியில் தொடங்கலாம், சினை 5 மாதம்தான், அவசரத்துக்கு ஒன்றை மட்டும் விற்கலாம்; மாட்டில் அது நடக்காது. ஆட்டுக்கொல்லி நோய்க்குத் தடுப்பூசி போடாவிட்டால் மொத்த மந்தையும் போகலாம், அதை மட்டும் விடக் கூடாது. காப்புக்காட்டு ஓரத்து ஊர் என்றால் மேய்ச்சலுக்கு வனத்துறை எந்த இடத்தில் தடை போட்டிருக்கிறது என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். நிற்கும் கடன் பாக்கியைக் குழு உள்கடனில் மாற்றி முடித்த பிறகு குட்டி வாங்கட்டும்.